துவரம் பருப்புக்கு ஒரு கோடு: போச்சம்பள்ளி மளிகைக் கடை ஒன்றின் இருப்புக் கணக்கு

போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஆடு, கோழி, காய்கறி, துணி என்று வாங்கி முடித்து, கடைசியாக மளிகைச் சீட்டோடு கடை ஏறுவார்கள். அப்படி ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஒரு அம்மா பத்துப் பதினைந்து சாமான் எழுதிய சீட்டை நீட்டினார். முதல் வரியிலேயே துவரம் பருப்பு 2 கிலோ. கடைக்காரர் "பருப்பு நாளைக்கு வந்துடும்மா, மத்ததெல்லாம் கட்டட்டுமா?" என்றார். அந்த அம்மா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போனது 2 கிலோ பருப்பல்ல, ஒரு வாரத்து மளிகை.

நான் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். அன்று ஜிஎஸ்டி பில்களை வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, சரக்கு இல்லைன்னா மானம் போகுது. வாங்கி அடுக்கினா பணம் முடங்குது. நான் எதைப் பாக்கறது?" என்றார். திங்கட்கிழமை சேலம் லீ பஜார் வியாபாரிக்குப் போன் போட்டு 6 மூட்டை சொன்னார். மூட்டை 50 கிலோ. அன்றைய விலைக்கு மூட்டை 6,000 ரூபாய், ஆக 36,000. அந்தப் பணம் பருப்பில் போனதால், அந்த வாரம் வர வேண்டிய சர்க்கரையும் புளியும் தள்ளிப்போயின.

இந்தக் கடையில் நான் முதலில் கண்ட தவறு இதுதான். "எப்போது சொல்வது" என்பதில் இருந்த கோளாறுக்கு அவர் "எவ்வளவு சொல்வது" என்பதில் மருந்து தேடினார். 6 மூட்டை வாங்கினாலும் ஏறக்குறைய நான்கு வாரத்தில் அதுவும் கடைசி மூட்டைக்கு வரும். அந்தக் கடைசி மூட்டையை எப்படிக் கையாள்கிறார் என்பதுதான் ஞாயிறு காலை பருப்பு இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. 6 மூட்டைக்குப் பதில் 10 மூட்டை வாங்கினாலும் அந்த நெருக்கடி தள்ளிப்போகுமே தவிர, தீராது.

மறு ஆர்டர் புள்ளி என்பது இந்த "எப்போது" என்ற கேள்விக்கான விடை. இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் போன் போட வேண்டும் என்ற எண் அது. நாங்கள் அதைக் கோடு என்றே சொன்னோம். சொன்ன சரக்கு கடைக்கு வந்து சேரும் வரை வழக்கமாக எவ்வளவு விற்குமோ அது ஒரு பங்கு. விற்பனை கூடினாலோ லாரி தாமதித்தாலோ தாங்குவதற்கு அதன் மேல் வைப்பது இன்னொரு பங்கு, அதுதான் காப்பு இருப்பு. காப்பு இருப்பு மாதம் முழுவதற்குமான பயத்துக்கு வைப்பதல்ல, போன் போட்டதற்கும் மூட்டை இறங்குவதற்கும் நடுவில் உள்ள சில நாட்களுக்கு மட்டும் வைப்பது. இது புரிந்ததும் அண்ணன் முகத்தில் இருந்த கவலை பாதி குறைந்தது.

இரண்டு விவரம் தேவைப்பட்டது. முதலாவது, காத்திருக்கும் நாள். "ரெண்டே நாள்ல இறங்கிடும்" என்று அண்ணன் உறுதியாகச் சொன்னார். போனில் விலை கேட்டதும் அதைத் தேதியோடு நாள்காட்டியில் எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. லாரி பார்சல் ரசீதில் இறங்கிய தேதி இருக்கிறது. இரண்டையும் வைத்துக் கடைசி 12 லோடைப் பார்த்தோம். 7 முறை 3 நாள், 3 முறை 4 நாள், ஒரு முறை 5, ஒரு முறை 6. ஒரு தடவைகூட 2 நாளில் வந்ததில்லை. நன்றாக நடந்ததை மனம் வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் எந்தக் கடையிலும் இந்த எண்ணை நான் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதுவதில்லை.

இரண்டாவது, நாள் விற்பனை. பருப்பு சில்லறையாக நிறுத்துத் தருவது, பில் கிடையாது. அதனால் 8 வாரம், கடை சாத்தும் முன் அண்ணி மிச்சப் பருப்பை நிறுத்து நோட்டில் எழுதினார். சாதாரண நாளில் 6 முதல் 10 கிலோ, சராசரி 8. ஞாயிறு சுமார் 30. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த 8 வாரத்தில் இரண்டு ஞாயிறுகளில் காலையிலேயே பருப்பு தீர்ந்துவிட்டது. நோட்டில் 10 கிலோ, 12 கிலோ என்று நிற்கிறது. விற்றது அவ்வளவுதான், ஆனால் கேட்டது அவ்வளவல்ல. அந்த இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஞாயிறு சராசரி 25-க்கு இறங்கிவிடும். பிறகு அந்த 25-ஐ நம்பிக் குறைவாக வைப்போம், மறுபடி தீரும், சராசரி இன்னும் இறங்கும். ஆகவே சரக்கில்லாத நாளைச் சராசரியில் சேர்க்கவே கூடாது. மீதி 6 ஞாயிறுகளை மட்டும் எடுத்தோம்: 30. வாரத்துக்கு 78 கிலோ, நாளுக்கு 11.

இதற்குப் பாடப்புத்தக வழி ஒன்று உண்டு:

```
காப்பு இருப்பு = Z × σ × √L
கோடு = d × L + காப்பு இருப்பு
```

இதில் d நாள் விற்பனை, L காத்திருக்கும் நாள், σ என்பது நாள் விற்பனை சராசரியிலிருந்து முன்னும் பின்னும் எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. 20 ஆர்டரில் 19 தடவை தீராமல் இருக்க வேண்டும் என்றால் Z-க்கு 1.65 போட வேண்டும். எங்கள் கணக்கில் விலகல் சுமார் 8 வந்தது, காத்திருப்பை 4 நாள் என்று வைத்தோம். காப்பு 26 கிலோ, கோடு 70 கிலோ.

இந்த 70-ஐ உடனே நம்பி விடாமல், நோட்டில் இருந்த 8 வாரத்தின் மேலேயே ஓட்டிப் பார்த்தோம். 70-க்கு இறங்கிய இரவு போன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு நாளாக எழுதினோம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, ஒரு தாளும் ஒரு மணி நேரமும் போதும். இரண்டு விதத்தில் கோளாறு தெரிந்தது. ஒரு திங்கள் இரவு இருப்பு 68. கோட்டுக்குக் கீழே, ஆகவே போன். வியாழன் இரவு மூட்டை இறங்கும்போது கடையில் இன்னும் 44 கிலோ கிடக்கிறது. அவசரமே இல்லை. இன்னொரு வாரம் வியாழன் இரவு 63-ல் போன். லாரி 5 நாள். வெள்ளி 8, சனி 9, ஞாயிறு 36. மூன்றே நாளில் 53 கிலோ போய்விட்டது. மிச்சம் 10 கிலோவில் திங்களை ஒப்பேற்றி, செவ்வாய்க்கிழமை டின் காலி.

காரணம் நோட்டிலேயே இருந்தது. சூத்திரம் எல்லா நாளையும் ஒரே மாதிரி நாளாக எடுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமையின் 30 கிலோவை எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய எதிர்பாராத ஏற்றமாகப் பார்க்கிறது. அது எதிர்பாராத ஏற்றமா? சந்தை ஞாயிற்றுக்கிழமை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தெரிந்த ஒன்றுக்குக் காப்பு இருப்பு வைப்பது தேவையில்லாத செலவு. அதை விற்பனைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். தெரியாத மிச்சத்துக்கு மட்டும் காப்பு வைத்தால் போதும்.

ஆகவே கேள்வியை மாற்றினோம். காத்திருக்கும் நாட்களுக்குள் ஒரு ஞாயிறு விழுகிறதா, இல்லையா? 12 லோடில் 11 லோடு 5 நாளுக்குள் வந்திருக்கிறது. அதனால் 5 நாளையே எடுத்துக்கொண்டோம். ஞாயிறு இரவு அல்லது திங்கள் இரவு போன் போட்டால் அடுத்த 5 நாளில் ஞாயிறு இல்லை. விற்பனை 40 கிலோ. சாதாரண நாளின் விலகல் 2 கிலோதான், காப்பு 7 கிலோ போதும். மொத்தம் 47. செவ்வாய் இரவிலிருந்து சனி இரவு வரை எப்போது போன் போட்டாலும் நடுவில் ஒரு ஞாயிறு வந்துவிடும். நான்கு சாதாரண நாளும் ஒரு சந்தை நாளும் சேர்ந்து 62 கிலோ. ஞாயிற்றின் விலகல் 6 கிலோ என்பதால் காப்பு 12. மொத்தம் 74.

ஒரே பருப்புக்கு இரண்டு கோடு. அண்ணனுக்கு 47, 74 எல்லாம் வேண்டாம். ஞாயிறு, திங்கள் இரவு ஒரு மூட்டை. மற்ற நாள் ஒன்றரை மூட்டை. அவர் கிடங்குச் சுவரில் இதைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தார்.

எழுதி முடித்தபோது ஒன்று புலப்பட்டது. "கடைசி மூட்டையைப் பிரிக்கும்போது போன்" என்பதே அவருடைய பழைய வழக்கம். அதாவது அவர் கோடு எப்போதும் 50 கிலோ. ஞாயிறு, திங்களில் அந்த வழக்கம் சரியாகவே இருந்திருக்கிறது. மற்ற ஐந்து நாளில்தான் தவறியது. வேலை மும்முரத்தில் போனை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட்டதும் அதோடு சேர்ந்துகொண்டது. கடைக்காரர்களின் பழைய வழக்கத்தை எடுத்ததும் தூக்கி எறியாமல், எந்த நாளில் அது பொருந்துகிறது, எந்த நாளில் பொருந்தவில்லை என்று பார்ப்பது நல்லது.

இனி எவ்வளவு சொல்வது. 6 மூட்டைக்கும் 2 மூட்டைக்கும் வியாபாரி விலையில் வித்தியாசம் தருகிறாரா என்று அண்ணன் போனிலேயே கேட்டார். இல்லை. லாரி வாடகையும் மூட்டைக்கு இவ்வளவு என்றுதான். அப்படியானால் 6 சொல்ல ஒரு காரணமும் இல்லை, 2 மூட்டை என்று முடிவானது. முன்பு 300 கிலோ வந்து இறங்கிப் படிப்படியாகத் தீர்ந்தது, சராசரியாகக் கடையில் கிடந்தது 150 கிலோ, 18,000 ரூபாய். இப்போது 100 கிலோ வருகிறது. அதில் பாதி 50, லாரி வழக்கமான நாளில் வந்தால் மிச்சம் நிற்கும் காப்பு சுமார் 20, ஆக 70 கிலோ, 8,400 ரூபாய். பருப்பில் மட்டும் 9,600 ரூபாய் வெளியே வந்தது. இரண்டு வட்டிக்குப் பார்த்தால் மாதம் 192 ரூபாய். வட்டி பெரிதல்ல. ஆனால் அந்த 9,600-ல் சர்க்கரை மூட்டையும் புளியும் தள்ளிப்போகாமல் வந்து இறங்கின. இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் ஆறாவது மூட்டையில் வண்டு விழுந்து, அண்ணி மொட்டை மாடியில் பருப்பைக் காய வைத்துப் புடைக்கும் வேலை இப்போது இல்லை.

காப்பு இருப்பு பணத்தை முடக்குகிறதே என்ற பயத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 20 கிலோ காப்பு என்றால் 2,400 ரூபாய், மாத வட்டி 48. ஒரு ஞாயிறு பருப்பு இல்லாமல் போனால், கிலோவுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 240 ரூபாய் லாபம் போகிறது. எதிர்க்கடைக்குப் போன சீட்டுகள் அதில் சேரவில்லை. அவர் பணத்தை முடக்கியது காப்பு அல்ல, 6 மூட்டை.

நடைமுறைக்கு வந்த பிறகு இரண்டு தடுமாற்றம். முதல் வாரம், புதன் இரவு 73 கிலோ, அண்ணன் 2 மூட்டை சொன்னார். வியாழன் இரவு இருப்பு 65. அவர் மகன் சுவரைப் பார்த்துவிட்டு இன்னொரு 2 மூட்டை சொல்லிவிட்டான். கோட்டோடு ஒப்பிட வேண்டியது டின்னில் இருப்பதை மட்டுமல்ல, லாரியில் வந்துகொண்டிருப்பதையும் சேர்த்து. 65 கிலோவோடு வழியில் உள்ள 100-ஐயும் சேர்த்தால் 165, போன் போட வேண்டியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிய பருப்பு என்றால் அதைக் கழிக்க வேண்டும், அது இனி நம் சரக்கல்ல. அன்றிலிருந்து நோட்டில் மூன்று கட்டம்: இருப்பது, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ஒரு சனி இரவு இருப்பு 78. கோடு 75. தாண்டவில்லை என்று விட்டுவிட்டார். ஞாயிறு 41 கிலோ விற்றது. இரவு பார்த்தால் 37, ஞாயிற்றுக் கோடான 50-க்கும் வெகு கீழே. லாரி 5 நாள் எடுத்தது. வெள்ளி காலை 4 கிலோவோடு கடை திறந்தார், மாலை மூட்டை இறங்கியது. தப்பியது அதிர்ஷ்டம். சூத்திரம் இருப்பு சரியாகக் கோட்டைத் தொடும் நொடியில் போன் போடுவதாக நினைக்கிறது. ஒரே நாளில் 30, 40 கிலோ போகும் கடையில் இருப்பு கோட்டைத் தொடாது, தாண்டிக் குதிக்கும். அதனால் சனி இரவுக்கு மட்டும் தனிக் கோடு போட்டோம். ஞாயிறு இரவுக்கான 50, அதோடு ஒரு பெரிய சந்தை நாளின் 40, மொத்தம் 90. சுவரில் மூன்றாவது வரி.

இதே கோட்டை எண்ணெய்க்குப் போட முடியாது. 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் லைன் வண்டியில் வருகிறது. ஆர்டர் எடுப்பவர் புதன்கிழமை மட்டும் வருவார், சரக்கு வெள்ளியன்று இறங்கும். "ரெண்டு நாள்ல வர்றதுதானே" என்று 2 நாளுக்குக் கோடு போட்டால் மாட்டிக்கொள்வோம். இந்தப் புதனை விட்டால் அடுத்த சரக்கு அடுத்த வாரத்து வெள்ளிதான். ஆகவே தாங்க வேண்டியது 7 நாளும் 2 நாளும் சேர்ந்து 9 நாள். சாதாரண நாளில் 5 பாக்கெட், ஞாயிறு 20, ஆக 9 நாளுக்கு 60. காப்பு 12. மொத்தம் 72 என்பது இங்கே கோடல்ல, மேல்மட்டம். ஒவ்வொரு புதனும் 72-லிருந்து இருப்பைக் கழித்து, வருவதைச் சொல்ல வேண்டும். இருப்பு 31 என்றால் 41, பெட்டிக்கு 10 பாக்கெட் என்பதால் 4 பெட்டி. உங்கள் கடையில் எந்தச் சரக்கை நினைத்த நாளில் சொல்ல முடியும், எது ஆள் வரும் நாளில் மட்டும் சொல்ல முடியும் என்று பிரித்துக்கொள்வது முதல் வேலை.

மாதம் இரண்டு மட்டும் போகும் பெரிய சத்துமாவு டப்பா போன்றவற்றுக்கு இந்தச் சராசரி, விலகல் எதுவும் பொருந்தாது. இரண்டு வை, ஒன்று விற்றால் ஒன்று சொல், அவ்வளவுதான். ஸ்கீமில் 10-க்கு 1 இலவசம் என்று வாங்கிய 11 டப்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். அந்த ஒரு டப்பாவை அத்தனை மாத வட்டியோடும் காலாவதித் தேதியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அண்ணன் அந்த ஸ்கீமை எடுப்பதில்லை.

பொங்கல், ஆடிப்பெருக்கு, மாங்காய் அறுவடையில் கூலி புழங்கும் மாதங்கள் ஆகியவற்றுக்குச் சுவரில் உள்ள எண் செல்லாது. ஞாயிறு 30 என்ற அடிப்படையே அப்போது மாறிவிடுகிறது. அந்த வாரங்களுக்கு முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்து, அடிப்படையையே மாற்றிக் கோட்டைத் திரும்பப் போட வேண்டும். பருப்பு விலை ஏறப்போகிறது என்று கூடுதலாக வாங்குவது வேறு விஷயம். அது வியாபாரத் துணிச்சல். அதை அண்ணன் தனிப் பணத்தில் செய்கிறார், இந்த நோட்டில் எழுதுவதில்லை.

ஐந்து மாதத்தில் 17 லோடு வந்தது. ஒரே ஒரு முறை பருப்பு தீரும் நிலை வந்தது. லாரி 8 நாள் எடுத்த வாரம் அது. "கோட்டை ஏத்திடலாமா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். 20-ல் ஒரு தடவை தவறும் என்று வைத்துத்தானே கோடு போட்டோம், 17-ல் ஒன்று என்பது அதற்கு ஒத்துத்தான் வருகிறது. 8 நாளையும் தாங்க வேண்டுமானால் எப்போதும் இன்னொரு மூட்டை கூடுதலாகக் கிடக்க வேண்டும், 6,000 ரூபாய்க்கு மாதம் 120 ரூபாய் வட்டி. அன்று அவர் செய்தது வேறு. வெள்ளிக்கிழமையே கிருஷ்ணகிரி மொத்தக் கடையில் கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஒரு மூட்டை எடுத்து வந்தார். கூடுதல் செலவு 150 ரூபாய், அதுவும் ஐந்து மாதத்தில் ஒரு தடவை. கோட்டை ஏற்றவில்லை. சுவரில் மூன்று வரிக்கும் கீழே அந்த மொத்தக் கடையின் போன் நம்பரை எழுதிக்கொண்டார்.